மூடிக் கொக்கி ஏன் அடியோடு ஒடிகிறது?

கேள்வி: சின்ன சர்க்யூட் போர்டு வைக்க ஒரு பெட்டியை 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டேன். மூடியிலிருந்து கீழே இறங்கும் இரண்டு கொக்கிகள் பெட்டிச் சுவரில் மாட்டிக்கொள்ளும். கொக்கியின் நீளம் 10 மி.மீ., தடிமன் 1.5 மி.மீ., மூக்கு 1 மி.மீ. பத்து முறை திறந்ததும் ஒடிந்துவிட்டது. தடிமனை 2 மி.மீ. ஆக்கினால் மூன்றாவது முறையே ஒடிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உடைந்த முகம் வழவழப்பாக, அச்சுக் கோடுகள் தெரியும்படி தட்டையாக இருந்தால் இரண்டு அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். சொரசொரப்பாக, ஓரம் வெளுத்து இருந்தால் பிளாஸ்டிக்கே தாங்கமாட்டாமல் கிழிந்திருக்கிறது. உங்கள் கொக்கி மூடியோடு சேர்ந்து செங்குத்தாக நின்றபடி அச்சாகியிருக்கும். அதனால் முதல் வகை உடைப்பைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு கோளாறுமே உங்கள் வடிவத்தில் இருக்கின்றன.

தடிமனைக் கூட்டியதும் ஏன் மோசமானது? கொக்கி வளையும்போது அதன் ஒரு பக்கத்துத் தோல் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது. நீட்சி அதிகமாக விழுவது வேரில். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு:

```
ε = 1.5 × t × y / L²
```

ε நீட்சி, t தடிமன், y மூக்கு விலக வேண்டிய தூரம், L வளையும் கொக்கிக் கையின் நீளம். உங்கள் முதல் கொக்கிக்கு 1.5 × 1.5 × 1 / 100, அதாவது 2.25 சதவீதம். தடிமனை 2 ஆக்கியதும் 3 சதவீதம். திரும்பத் திரும்பத் திறக்கும் கொக்கிக்கு பிஎல்ஏவில் 1 சதவீதத்தையும் பெட்ஜி பிளாஸ்டிக்கில் 1.5 சதவீதத்தையும் நான் தாண்டுவதில்லை. தடித்த கை வலுவாகத் தெரிந்தாலும், அதே தூரம் வளைக்க அதன் தோல் இன்னும் அதிகமாக நீள வேண்டியிருக்கிறது.

சூத்திரத்தில் நீளத்துக்கு மட்டும் இருமடி இருப்பதைக் கவனியுங்கள். தடிமனைக் குறைப்பதைவிட நீளத்தைக் கூட்டுவது நல்லது. கை 18 மி.மீ., தடிமன் 1.6 மி.மீ., மூக்கு அதே 1 மி.மீ. என்று வைத்தால் நீட்சி 0.74 சதவீதம்தான். உங்கள் முதல் கொக்கியைவிடச் சற்றே தடிமனாக இருந்தும், நீட்சி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

சரி, அடுக்குப் பிரச்சினை. இதைக் கணக்கு தீர்க்காது, படுக்கவைத்து அச்சிடுவதுதான் தீர்க்கும். கொக்கியை மூடியோடு ஒட்டி வரையாமல் தனித் துண்டாக வரையுங்கள். பக்கவாட்டுத் தோற்றம், அதாவது கையும் மூக்கும் சேர்ந்த வடிவம், அச்சுப் படுக்கையில் படியட்டும். கொக்கியின் 6 மி.மீ. அகலம் மேல்நோக்கி எழும்பட்டும். அப்போது ஒவ்வொரு கோடும் வேரிலிருந்து மூக்குவரை முறியாமல் ஓடும். 0.4 மி.மீ. அகலக் கோடு நான்கு சேர்ந்தால் சரியாக 1.6 மி.மீ. ஸ்லைசர் மென்பொருளின் முன்னோட்டத்தில் கைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நிரப்பல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சுவர்க் கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அப்புறம் கொக்கியின் அடிக்கட்டை மூடியில் ஒரு பள்ளத்துக்குள் நுழையட்டும், பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி போதும். என்றாவது ஒடிந்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வேரில் கை கட்டையைச் சேரும் உள்மூலை கூராக இருக்கவே கூடாது. விரிசல் அங்கேதான் தொடங்கும். தடிமனில் பாதி, 0.8 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிடுங்கள். மூக்கின் நுழைவுப் பக்கம் 30 டிகிரி சரிவும், திறக்கும் பக்கம் 45 டிகிரி சரிவும் இருந்தால் மூடியை இழுத்தாலே விடுபடும். திறக்கும் பக்கத்தைச் செங்குத்தாக விட்டால் கொக்கி வழுக்காது. ஆள் பலத்தைக் கூட்டி இழுப்பார், அந்த இழுப்பில் மூக்கே பிய்ந்து வரும்.

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காதது. மூடிய நிலையில் கை சற்றும் வளைந்திருக்கக் கூடாது. மூக்குக்கும் சுவர்ப்பள்ளத்துக்கும் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள். வளைந்தபடியே வாரக்கணக்கில் இருந்தால் பிஎல்ஏ அந்த வளைவிலேயே பழகிவிடும், ஒடியாமலேயே பிடிப்புப் போய்விடும். கழற்றிய கொக்கியை நேரான விளிம்பில் வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

கடைசியாக, கையின் பின்புறம் 1.3 மி.மீ. தள்ளி ஒரு தடுப்பு எழுப்புங்கள். யாராவது விரலால் நெம்பினாலும் கை அதற்குமேல் போகாது, அந்த அளவிலும் நீட்சி 0.96 சதவீதத்தோடு நின்றுவிடும். முழுப் பெட்டியையும் அச்சிடும் முன் ஒரு கொக்கியையும் அது மாட்டும் சுவர்த்துண்டையும் மட்டும் அச்சிட்டு ஐம்பது முறை மாட்டிக் கழற்றுங்கள். வேரில் நிறம் வெளுக்கத் தொடங்கினால் கையை இன்னும் 3 மி.மீ. நீட்டுங்கள்.