நெல் மூடைக் கணக்கில் குறைவு: கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

“46 மூடை நெல் கொண்டுபோனேன், பற்றுச்சீட்டில் 42 என்று இருக்கிறது. சங்கத்துக்கு என்ன எழுதலாம்?”

எழுதுவதற்கு முன் பற்றுச்சீட்டிலுள்ள மொத்தக் கிலோவை 42ஆல் பிரித்துப் பாருங்கள். உங்கள் மூடை ஏறக்குறைய 65 கிலோ என்று வைப்போம். மொத்தம் 2,990 என்றால் சராசரி 71 வரும். அப்படியானால் நெல் முழுவதும் நிறுக்கப்பட்டிருக்கிறது, எண்ணிக்கைதான் பிழை. காசு கிலோவுக்குத்தானே, வெறுஞ்சாக்குக் கணக்கை மட்டும் திருத்தக் கேட்டால் போதும். மொத்தம் 2,730 என்றால் சராசரி சரியாக 65. அப்போது 260 கிலோ நெல்லே கணக்கில் ஏறவில்லை.

தராசில் ஒரு தடவைக்கு எத்தனை மூடை வைத்தார்கள் என்று நினைவுபடுத்துங்கள். நான்கு நான்காக என்றால், நிறுவைத் தாளில் ஒரு வரி விடுபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் கடிதத்தில் களவு என்று ஒரு சொல்லும் வேண்டாம், எழுதினால் தாளைக் காட்டவே தயங்குவார்கள். இப்படி எழுதுங்கள்:

“இத்திகதியில், இவ்விலக்கப் பற்றுச்சீட்டின்படி 42 மூடை பதியப்பட்டுள்ளது. நான் இறக்கியது 46. அன்றைய நிறுவைத் தாளை என் முன்னிலையில் பற்றுச்சீட்டுடன் ஒப்பிட்டு, குறைந்த 260 கிலோவைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

ட்ரக்டர் ஓட்டியவர், மூடை இறக்கியவர்கள் பெயரையும் கீழே போடுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, முகாமையாளருக்கும் தலைவருக்கும் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நெல் ஆலைக்குப் போகுமுன் கொடுத்துவிட்டால் களஞ்சியத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். பதில் வராவிட்டால் உங்கள் மாவட்டக் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளருக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள்.