தகுதிகாண் காலத்திலும் ஈ.பி.எஃப். உண்டு

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் பெப்ரவரி 1ஆம் திகதி சேர்ந்தேன். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். ஆறு மாதம் புரொபேஷன். நாலு மாதம் முடிந்தும் ஈ.பி.எஃப். கட்டவில்லை. நிரந்தரமாக்கிய பிறகுதான் அதுவும் லீவும் என்கிறார் மனேஜர். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமாம். அப்படியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஈ.பி.எஃப். விஷயத்தில் மனேஜர் சொல்வது பிழை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் நிரந்தர ஊழியர், தகுதிகாண் ஊழியர் என்ற பிரிவினை இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். உங்கள் பங்கு 8 வீதம், கம்பனியின் பங்கு 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈ.டி.எஃப்.க்கு, கம்பனி தன் கைக்காசில் 3 வீதம் போட வேண்டும்.

60,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு மாதம் 4,800. கம்பனி தர வேண்டியது 7,200உம் 1,800உம், சேர்த்து 9,000. நாலு மாதத்தில் 36,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வராமல் நிற்கிறது. சம்பளம் வெட்டில்லாமல் முழுதாகக் கைக்கு வருவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பே ஷீட்டில் 8 வீத வெட்டு இல்லையென்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. ஆகஸ்டில் நிரந்தரமாக்கும்போது, வேலையில் சேர்ந்த திகதி ஆகஸ்ட் 1 என்று நிரப்பிய படிவத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் ஆறு மாதப் பணத்தைப் பிறகு கேட்பது கடினமாகிவிடும். பெப்ரவரி 1 என்று திருத்தச் சொல்லுங்கள்.

முதலில் நிலுவையைக் கட்டும்படி கம்பனிக்கு ஈமெயில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் நியமனக் கடிதம், சம்பளம் விழுந்த வங்கிக் கூற்று, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள். பிந்திக் கட்டும் கம்பனிக்கு, தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். அந்தப் பயத்திலேயே பல கம்பனிகள் ஈமெயிலோடு கட்டிவிடும்.

லீவு பற்றி அவர் சொன்னது பாதி சரி. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி முதல் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. மார்ச் முடிவதற்குள் சேர்ந்ததால் அடுத்த வருடம் 14 நாள் கிடைக்கும். ஆனால் முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் அமைய லீவு உண்டு. இன்றைக்கு இரண்டு நாள் உங்கள் கையில் இருக்கிறது.

வேலையிலிருந்து நிறுத்தும் விஷயத்தில்தான் கம்பனியின் கை ஓங்கியிருக்கிறது. வேலை திருப்தியா என்று தீர்மானிப்பது அவர்கள். நேர்மையாக எடுத்த அந்தத் தீர்மானத்தைத் தொழில் நியாயசபை இலகுவில் மாற்றாது. ஆனால் ஈ.பி.எஃப். கேட்டதற்குப் பழிவாங்க நிறுத்தினார்கள் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. அந்த ஈமெயிலின் திகதி அப்போது பெரிய சாட்சி. நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நியாயசபையில் விண்ணப்பிக்க வேண்டும்.