இடது பக்கக் கேள்விகள்

அண்ணே வணக்கம். காரைக்குடியில் குரூப் 2-க்குப் படிக்கிறேன். மூன்று நோட்டு எழுதி முடித்தாயிற்று, ஆனால் போன வாரம் எழுதியது இன்றைக்கு ஞாபகம் இல்லை. ஒருத்தர் கார்னெல் முறை என்கிறார், ஒருத்தர் மைண்ட் மேப், இன்னொருத்தர் குறிப்புகளை லிங்க் போட்டு வைக்கச் சொல்கிறார். எதைப் பிடிப்பது?

தம்பி,

கார்னெலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதிப் பேர் நோட்டில் கோடு போட்டதோடு கோட்டை விட்டுவிடுகிறார்கள். 1950-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. இடதுபுறம் கேள்விக்கு இரண்டரை அங்குலம், வலதுபுறம் குறிப்புக்கு ஆறு, அடியில் சுருக்கத்துக்கு இரண்டு. நம் நோட்டு அவ்வளவு அகலம் கிடையாது, இடதுபுறம் மூன்றில் ஒரு பங்கு விட்டால் போதும்.

மருது சகோதரர்கள் பாடத்தையே எடுங்கள். நம்ம ஊர்க் கதை, தெரியும் என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். வலதுபுறம் '1801 ஜூன் 16 திருச்சிப் பிரகடனம், அக்டோபர் 24 திருப்பத்தூரில் தூக்கு' என்று எழுதியிருப்பீர்கள். இடதுபுறம் பலரும் 'தூக்கு – 1801, திருப்பத்தூர்' என்று போடுவார்கள். அதுதான் விடையாயிற்றே, அதைப் பார்த்தபிறகு மூளைக்கு என்ன வேலை? 'பிரகடனத்தை எங்கெங்கே ஒட்டினார்கள்?', 'அதற்கு எத்தனை மாதம் கழித்து, எந்த ஊரில் தூக்கு?' என்று எழுதுங்கள். வலதுபுறத்தைப் பழைய காலண்டர் தாளால் மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். திருச்சிக் கோட்டை நவாப் அரண்மனைச் சுவர் வந்து, ஸ்ரீரங்கம் கோயில் வரவில்லை என்றால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நாளைக்குப் புள்ளி வைத்ததை மட்டும், ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும்.

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். உங்கள் மூன்று நோட்டின் கதையும் இதேதான், எழுதிய அன்றைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்திருக்கும்.

மைண்ட் மேப் தப்பில்லை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கலர் கலராக வரைவதுதான் தப்பு. அதன் பங்காளியான கருத்து வரைபடத்தை அப்படித் திறந்து வைத்து வரைந்தவர்கள், மூடிவிட்டு எழுதியவர்களைவிட ஒரு வாரம் கழித்துக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் (2011, இதுவும் கார்பிக் செய்ததுதான், பிளண்ட் என்பவரோடு). வரைய ஆசையா, மூடிவிட்டு வரையுங்கள், அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் நிரப்புங்கள்.

லிங்க் போடும் முறை நம் வீட்டுக் கணக்குப் புத்தகம் மாதிரி. எங்கள் ஐயா குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேரேட்டுப் பக்க எண் போட்டு வைப்பார், எதையும் மனப்பாடம் செய்ததில்லை, தேடி எடுப்பார். லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் சுமார் 90,000 அட்டைகளை அப்படிக் கோத்து வைத்திருந்தார், அதுவும் புத்தகம் எழுதத்தான். பரீட்சை ஹாலில் பேரேடு கிடையாது.

இருக்கிற நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்தில் இடமில்லை என்றால் தனித்தாளில் பக்க எண் போட்டுக் கேள்விகளை எழுதுங்கள். பக்கத்துக்கு நாலைந்து போதும். பதினைந்து வந்தால் வலதுபுறத்தையே திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.