நட்டம்போல் தெரியும் மொத்த ஓடர்

"ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிறேன். கவுன் தைக்க 900 ரூபாய் கூலி. ஒரு முன்பள்ளி துணி தந்து, 60 கவுனை 650க்குத் தைக்கக் கேட்கிறது. எனக்கே 720 முடிகிறதே, எப்படி எடுப்பது?"

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த 720ஐப் பிரித்துப் பாருங்கள். உங்கள் கணக்கு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்: நூல், சிப், பொத்தான் 120. தைப்பவருக்குத் துண்டுக்கூலி 300. மீதி 300, கடை வாடகையையும் வெட்டுபவரின் மாதச் சம்பளத்தையும் மாதம் தைக்கும் 200 உருப்படிகளுக்குப் பகிர்ந்தது.

வாடகையும் சம்பளமுமான அந்த 60,000 ரூபாய், ஓடர் வந்தாலும் வராவிட்டாலும் போகத்தான் போகிறது. ஆக, ஒரு கவுனுக்காகப் புதிதாகக் கையை விட்டுப் போவது 420 மட்டும். 650க்குத் தைத்தால் 230 மிஞ்சும். 60க்கு 13,800. ஏற்றுக்கூலி, கரண்டுக்கு 1,800 கழித்தாலும் 12,000 நிற்கும்.

ஆனால் இதெல்லாம் மெஷின் சும்மா நிற்கும் மாதத்துக்குத்தான். தீபாவளி நெருங்கும்போது கதை வேறு. வழக்கமான கவுன் ஒன்றைத் திருப்பி அனுப்பினால் 900இல் 420 போக, 480 இழப்பு. அப்படி 25 போனால் அந்த 12,000மும் போய்விடும். இரவு வேலைக்குக் கூலி கூட்டினாலும் இதே கதிதான்.

அப்புறம் ஒன்று: ஒரே அளவுகளில் 60 கவுன் என்பதால்தான் இந்த விலை என்று பில்லில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே வாடிக்கையாளர்கள் 650 கேட்டு நிற்பார்கள். எல்லா வேலையையும் அந்த விலைக்குக் கொடுத்தால் வாடகை கட்ட முடியாது. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.