கிளம்பும்போது 'ஐயாம் கமிங்' வேண்டாம்

"வேலை முடிந்து கிளம்பும்போது 'ஐயாம் கமிங்' என்றேன். வாசலில் இருந்தவர் எனக்காகக் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஏன்? அப்படியே வாடகை வீடு, வங்கிக் கணக்கு பற்றியும் சொல்லுங்கள் அண்ணா."

தம்பி, வீட்டையும் வங்கியையும் யாரும் சொல்லித் தருவார்கள். இதைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நான் அப்படிச் சொன்னபோதெல்லாம் இங்குள்ளவர்கள் அதே தொனியில் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் மனதில் உறுத்துகிறது.

நீ சொன்னது நம் 'வரேன்' என்பதன் நேர் ஆங்கிலம். அதை நாம் முழுதாகச் சொன்னால் 'போயிட்டு வரேன்'. அதில் போவது எச்சமாக நிற்கிறது, முற்றாக இருப்பது வருவதுதான். 'போறேன்' என்று முடித்தால் அபசகுனம் என்பதால் திரும்பி வருவதைச் சொல்லி விடைபெறுகிறோம். பிறகு 'போயிட்டு' உதிர்ந்து 'வரேன்' மட்டும் மிஞ்சியது. அந்த வருகை நாளைக்கோ அடுத்த வாரமோ இருக்கலாம். 'நாளைக்கு வரேன்' என்பது நிகழ்கால வடிவம்தான், ஆனாலும் நமக்கு இடிப்பதில்லை.

ஆங்கிலக் காதுக்கு நாள் எதுவும் சொல்லாத 'ஐயாம் கமிங்' இந்த நொடியில் நடப்பது. தன்னை நோக்கி, அல்லது தன்னோடு வருகிறாய் என்றே எடுத்துக்கொள்வார்கள். கூப்பிட்டதும் 'இதோ வரேன்' என்று குரல் கொடுப்போமே, அங்கே மட்டும் இரண்டு மொழியும் ஒத்துப்போகும். வாசலில் நின்றவரும் நீ கூடவே வெளியே வருவதாக நினைத்துத்தான் கதவைப் பிடித்தார். 'ஐயாம் ஆஃப், சீ யூ டுமாரோ' என்றால் போதும். ஐந்து நிமிடத்தில் திரும்புவதாக இருந்தால் 'ஐல் பி ரைட் பேக்'.

இதைவிட ஆபத்தானது 'வந்துட்டேன்'. செருப்பை மாட்டும்போதே போனில் அப்படிச் சொல்வோம். அது பொய் இல்லை, விரைவு. விரைவைக் காட்ட, நடக்கப்போவதை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. இன்னும் சாப்பிடாதவனை அவசரப்படுத்தினால் 'உண்டேன், போந்தேன்' என்பான் என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். ஆனால் 'ஐயாம் ஹியர்' என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்துப் போய் நின்றால், பொய் சொன்னாய் என்றே முடிவு கட்டுவார்கள். வண்டி கிளம்பிய பிறகே 'ஆன் மை வே' சொல். கிளம்பவில்லையா, 'லீவிங் சூன்'.

இங்கே நம்மவர்கள் சிலர் வீட்டுக்குள்ளும் 'பை' என்றுதான் பிரிகிறார்கள். பிள்ளைகள் 'வரேன்' என்றால் திருத்துகிறார்கள். எனக்கு அது துளியும் பிடிக்காது. என் பிள்ளைகள் வாசலில் என்னிடம் 'போயிட்டு வரேன்ப்பா' என்பார்கள், தெருமுனையில் நண்பனிடம் 'சீ யா' என்பார்கள். எங்கே எது என்று அவர்கள் ஒருநாளும் குழம்பியதில்லை.