செய்தித்தாள் படத்தை ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் புள்ளி

"தாத்தாவின் படம் பழைய செய்தித்தாள் துணுக்கில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் முகம் முழுக்கப் புள்ளியும் கட்டம் கட்டமாக வரியும். எப்படி நீக்குவது?"

புள்ளிகள் அச்சிலேயே இருப்பவை. கட்டம் போன்ற வரிகள், ஸ்கேனரின் பிக்சல்கள் அந்தப் புள்ளிகளோடு சரியாகப் பொருந்தாததால் வருபவை. அதனால் 150, 200 டிபிஐயில் ஸ்கேன் செய்யாதீர்கள். அப்படி விழுந்த வரிகளைப் பின்னால் எடுப்பது பெரும்பாடு. 600 டிபிஐ, கிரேஸ்கேல் வையுங்கள். துணுக்கின் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து அவ்வளவாகத் தெரியாது.

செய்தித்தாளில் அங்குலத்துக்குச் சுமார் 85 புள்ளி வரிசை இருக்கும். 600 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 600 பிக்சல், ஆக ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 7 பிக்சல். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் `Gaussian Blur` திறந்து, அளவை அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 3 என்று கொடுங்கள். கன்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் 3.5. அங்கே வழவழப்பான சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது படம் மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். `Scale Image` போய் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். அப்புறம் கூர்மையைக் கூட்ட `Unsharp Mask` லேசாக. புள்ளி மறுபடி தலைகாட்டினால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

5 செ.மீ. அகலப் படத்தில் குறுக்கே சுமார் 170 புள்ளிதான். அதில் முகம் 1 செ.மீ. என்றால் 33 புள்ளி. கண்ணிமை அச்சிலேயே கிடையாது. எந்த வடிகட்டியும் அதைக் கொண்டுவராது. ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளை நீக்கும் `Descreen` இருந்தால் முதலில் அதையே முயலலாம், பல சமயம் அதுவே போதும்.