டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்

கேள்வி: ஐயா, என் மாமனார் அடுத்த மாதம் கோவையிலிருந்து சிங்கப்பூர் செல்கிறார். ஆதார் அட்டையைப் பார்த்து ஏஜென்ட் KANDASWAMI R என்று டிக்கெட் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் RAMASAMY, பெயர் KANDASAMY. டிக்கெட் எடுத்து நான்கு நாளாகிறது. ‘ஏர்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் ஏஜென்ட். ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டுமா? – பெருந்துறை வாசகி

பதில்: ரத்து செய்யாதீர்கள், ஏஜென்ட் சொல்வதுபோல விமான நிலையம் வரை விட்டுவிடவும் வேண்டாம். விமான டிக்கெட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ஆனால் அதே ஆளின் பெயரில் விழுந்த எழுத்துப் பிழையைத் திருத்த ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் வழி உண்டு. ரத்து செய்துவிட்டால் ரத்துக் கட்டணமும் போய், புதிய டிக்கெட்டுக்கு அன்றைய விலையையும் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே நீங்கள் கேட்க வேண்டியது பெயர் மாற்றம் அல்ல, பெயர்த் திருத்தம். ஏஜென்ட் அனுப்பும் கோரிக்கையிலும் ‘நேம் கரெக்‌ஷன், அதே பயணி’ என்ற சொற்களே இருக்க வேண்டும். ‘நேம் சேஞ்ச்’ என்று எழுதிவிட்டால் ஆள் மாறுகிறார் என்று எடுத்துக்கொண்டு உடனே மறுத்துவிடக்கூடும்.

உங்கள் டிக்கெட்டில் இருப்பது ஒரு பிழையல்ல, இரண்டு பிழைகள். விமான நிறுவனத்தின் கணினியில் குடும்பப்பெயர் முதலிலும், ஒரு சாய்கோட்டுக்குப் பின் சொந்தப் பெயரும் பதிவாகும். இப்போது இருப்பது முதல் வரி. இருக்க வேண்டியது இரண்டாம் வரி.

```
KANDASWAMI/R MR
RAMASAMY/KANDASAMY MR
```

முதல் பிழை எழுத்துக்கூட்டல். SWAMI என்பதை SAMY ஆக்க, W என்ற எழுத்து நீங்க வேண்டும், I என்பது Y ஆக வேண்டும்; இரண்டே எழுத்துகள். மூன்று எழுத்து வரையிலான திருத்தத்தைப் பல நிறுவனங்கள் சிறு பிழையாகவே கருதுகின்றன. நம் பக்கத்தில் பழனிசாமி, குப்புசாமி, ராமசாமி என்று வீட்டுக்கு ஒரு சாமி இருக்கிறார்; நிலப் பத்திரத்தில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி என்று ஆங்கிலத்தில் எழுதிப் பழகிவிட்டதால், என்னிடம் வரும் திருத்தங்களில் பெரும்பகுதி இந்த SAMY, SWAMY, SWAMI வகையைச் சேர்ந்தவைதான்.

இரண்டாவது பிழைதான் கனமானது. ஆதாரில் R என்ற இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், உங்கள் மாமனாரின் தந்தை பெயர் அங்கே குடும்பப்பெயராகிவிட்டது. டிக்கெட்டிலோ சொந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்திலும், இனிஷியல் பெயர் இடத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. R என்பதை RAMASAMY என்று விரித்தால் ஏழு எழுத்துகள் கூடுகின்றன. ஆகவே மூன்றெழுத்துக் கணக்குக்குள் இது அடங்காது. இனிஷியலை விரிப்பது, முன்பின் மாறிய பெயரை இடம் மாற்றுவது ஆகியவற்றைத் தனி வகையாக வைத்து, பாஸ்போர்ட் நகலைப் பார்த்தபின் அனுமதிக்கும் நிறுவனங்கள் பல. அதனால் இரண்டு பிழைகளையும் ஒரே கோரிக்கையில், மேலே காட்டியதுபோல இரண்டு வரிகளாக எழுதி, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். தந்தையின் பெயர் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருப்பதால், R என்பது RAMASAMY தான் என்பதற்கு அதுவே சான்று. சில ஆண்டுகளுக்கு முன் கோபியிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி வாங்கியிருந்தார்கள். இனிஷியலுக்காக இரண்டாம் முறை எழுதியபோது, ‘ஒருமுறை திருத்தியாயிற்று’ என்று அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. அவருக்குப் புதிய டிக்கெட்தான் எடுக்க நேர்ந்தது.

கோரிக்கையை அனுப்ப வேண்டியவர் டிக்கெட் கொடுத்தவர்தான். ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டை, நீங்கள் நிறுவனத்தை நேரடியாக அழைத்தால், பெரும்பாலும் ஏஜென்ட்டிடமே திருப்பி அனுப்புவார்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் எடுத்திருந்து, 24 மணி நேரத்துக்குள் பிழையைச் சொல்லியிருந்தால், கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஏஜென்ட் வழி, அதுவும் நான்கு நாள் கழித்து என்பதால் அந்தச் சலுகையை நீங்கள் கோர முடியாது. ஒரு கட்டணம் கேட்பார்கள். பிழை ஏஜென்ட்டுடையது என்றால் அதை அவர் ஏற்பதுதான் முறை. ஆனால் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் ஆதாரை மட்டும் அனுப்பியவர்கள் நீங்கள் என்றால், அதில் வழக்காடி நாளைக் கடத்த வேண்டாம்.

போகவும் வரவும் ஒரே டிக்கெட்டா என்பதையும் பாருங்கள். திரும்பி வருவது வேறு நிறுவனத்தில், வேறு ஆறெழுத்து பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், அதற்குத் தனிக் கோரிக்கை வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்தாது. உங்கள் மாமியாரும் அதே பி.என்.ஆரில் இருந்தால், திருத்தத்துக்காக மாமனாரின் பதிவைத் தனியாகப் பிரிக்க நேரலாம். அப்போது பக்கத்துப் பக்கத்து இருக்கைகளை மறுபடி கேட்டு வாங்குங்கள்.

இதற்கிடையே வெப் செக்-இன் மட்டும் செய்துவிடாதீர்கள். செக்-இன் ஆன டிக்கெட்டில் பெயரைத் தொட முடியாது; முதலில் அதை நீக்க வேண்டும். வெப் செக்-இன்னில் பாஸ்போர்ட் விவரம் கேட்கும் பக்கத்தில் சரியான பெயரை அடித்துவிட்டால் டிக்கெட்டும் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த விவரம் போய்ச் சேரும் நாட்டின் அரசுக்கு அனுப்பப்படுவது. டிக்கெட்டின் பெயரை அது மாற்றாது. பீளமேட்டில் விமான நிலைய வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பார்ப்பார். கவுண்டரில் பாஸ்போர்ட்டை வைத்து மறுபடியும் ஒப்பிடுவார்கள். அங்கே திருத்தித் தர அதிகாரம் உள்ளவர் அந்நேரம் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

திருத்தம் முடிந்தது என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது. புதிய பயணச்சீட்டின் பிரதியை வாங்கிப் பாருங்கள். பதின்மூன்று இலக்க டிக்கெட் எண் உள்ள நிறுவனமானால், பல சமயம் திருத்தத்துக்குப் பின் புதிய எண் வரும். பிறகு நிறுவனத்தின் இணையதளத்தில் பி.என்.ஆரையும் RAMASAMY என்ற குடும்பப்பெயரையும் நீங்களே அடித்துப் பாருங்கள்; பதிவு திறந்தால் சரி, KANDASWAMI என்று அடித்தால்தான் திறக்கிறது என்றால் இன்னும் திருந்தவில்லை. KANDASAMYMR என்று MR ஒட்டியிருப்பதும், சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லாததும் பிழையல்ல. அச்சில் அப்படித்தான் வரும். சிங்கப்பூர் விசாவில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள், ஏனெனில் அதையும் அதே ஏஜென்ட் ஆதாரை வைத்து நிரப்பியிருக்கலாம்.

நிறுவனம் மறுத்துவிட்டால் அந்த மறுப்பை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் புதிய டிக்கெட்டை முதலில் எடுங்கள். அதன்பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். ‘பணம் திரும்பாது’ என்று போட்ட டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் இந்திய நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும். அயல்நாட்டு நிறுவனமானால் அவர்கள் நாட்டு விதிப்படி கிடைக்கும். அந்தத் தொகையை ஏஜென்ட்டிடம் கணக்காகக் கேட்டு வாங்குங்கள்.